நள்ளிரவு ஆட்டம்: வளரிளம் பிள்ளைகளின் கேமிங் பிடியும் குடும்பத்தோடு செய்யும் சிகிச்சையும்

தென்கொரியா 2011ஆம் ஆண்டு ஒரு சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 16 வயது நிரம்பாத பிள்ளைகள் நள்ளிரவு 12 மணியிலிருந்து காலை 6 மணி வரை கணினியில் இணைய விளையாட்டு ஆட முடியாதபடி விளையாட்டு நிறுவனங்களே இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும் என்பது விதி. பன்னிரண்டு அடித்ததும் எல்லாம் நின்றுபோவதால் மக்கள் அதைச் 'சிண்ட்ரெல்லா சட்டம்' என்று அழைத்தார்கள். பிள்ளைகள் பெற்றோரின் அடையாள எண்ணைக் கொடுத்து உள்ளே நுழைந்தார்கள். கைப்பேசி விளையாட்டுகளுக்கு விதி பொருந்தாததால் பலர் அந்தப் பக்கம் போனார்கள். இந்தச் சட்டத்தால் பிள்ளைகள் எவ்வளவு நேரம் கூடுதலாகத் தூங்கினார்கள் என்று கணக்கிட்ட ஓர் ஆய்வுக்குக் கிடைத்த விடை, சுமார் ஒன்றரை நிமிடம். 2021இல் அரசு சட்டத்தைக் கைவிட முடிவெடுத்தது. 2022 தொடக்கத்தில் அது நீங்கியது.

இந்தியாவில் 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைலும், 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயரும் தடை செய்யப்பட்டன. காரணம் தரவுப் பாதுகாப்பு. பிள்ளைகளின் நலன் அல்ல. தடை வந்ததும் பையன்கள் அடுத்த விளையாட்டுக்கு மாறினார்கள். வீடுகளிலும் இதேதான் நடக்கிறது. போனைப் பிடுங்குகிறார்கள், வைஃபையை அணைக்கிறார்கள், கடைசியில் போனையே உடைக்கிறார்கள். ஒரு வாரத்தில் இன்னொரு போன் வந்துவிடுகிறது. ஏனென்றால் வீட்டுப்பாடமும் பள்ளி அறிவிப்பும் வாட்ஸ்அப்பில்தான் வருகின்றன.

பூட்டுப் போடுவதற்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இந்த ஆட்டம் இந்தப் பிள்ளைக்கு எதைக் கொடுக்கிறது? மருத்துவர்களும் உளவியலாளர்களும் கடந்த பத்து, பதினைந்து ஆண்டுகளில் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி இந்தக் கேள்வியைச் சுற்றியே நிற்கிறது.

எது நோய், எது பழக்கம்

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேடு, 'இணைய விளையாட்டுக் கோளாறு' என்பதை மேலும் ஆராயவேண்டிய நிலை என்ற அளவில் சேர்த்தது. ஒன்பது அடையாளங்களில் குறைந்தது ஐந்து ஓராண்டுக் காலத்தில் இருக்க வேண்டும் என்றது. உலக சுகாதார நிறுவனம் ஒரு படி மேலே போய், 2019இல் உறுப்பு நாடுகள் ஏற்றுக்கொண்ட ஐசிடி-11 பட்டியலில் 'விளையாட்டுக் கோளாறு' என்று நோயாகவே சேர்த்தது. அந்தப் பட்டியல் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

ஐசிடி-11 மூன்று விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது. எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பது பிள்ளையின் கையை விட்டுப் போயிருக்க வேண்டும். சாப்பாடு, தூக்கம், படிப்பு, நட்பு எல்லாவற்றையும் ஆட்டம் பின்னுக்குத் தள்ளியிருக்க வேண்டும். கெடுதல் கண்ணுக்குத் தெரிந்த பிறகும் ஆட்டம் தொடர வேண்டும். இவை பெரும்பாலும் 12 மாதங்கள் நீடித்து, அன்றாட வாழ்க்கையைக் கணிசமாகக் குலைத்திருந்தால்தான் அது கோளாறு. நிலைமை கடுமையாக இருந்தால் 12 மாதம் காத்திருக்க வேண்டியதில்லை.

இந்த மூன்றிலும் மணிக்கணக்கு இல்லை. கோடை விடுமுறையில் நாளுக்கு ஐந்து மணி நேரம் ஆடிவிட்டு, பள்ளி திறந்ததும் ஒன்றரை மணிக்கு இறங்கிவிடும் பையன் நோயாளி அல்ல. இன்னொருவன் மூன்று மணி நேரம்தான் ஆடுகிறான், ஆனால் அந்த மூன்று மணி நேரமும் இரவு 12 முதல் 3 வரை என்றால், அவனைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் வெளியான ஒரு கணக்கீடு, இந்தக் கோளாறு உள்ளவர்கள் ஏறத்தாழ 3 சதவீதம் என்றது. கண்டிப்பான முறையில் நடத்திய ஆய்வுகளை மட்டும் எடுத்தால் அது 2 சதவீதத்துக்கு இறங்கியது. அதிகமாக ஆடும் பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் இந்த எல்லைக்கு வெளியேதான் இருக்கிறார்கள்.

மதிப்பீடு: கேள்வித்தாள் போதாது

மதிப்பீடு எப்படி நடக்கிறது என்பதைக் காட்ட ஒரு பையனை எடுத்துக்கொள்வோம். பல குடும்பங்களில் காண்பதைச் சேர்த்து உருவாக்கிய எடுத்துக்காட்டு இது. பெயர் கதிர், வயது 15, மதுரையில் பத்தாம் வகுப்பு. அப்பா மளிகைக் கடை வைத்திருக்கிறார். இரவு பத்தரைக்குத்தான் வீடு திரும்புவார். அம்மா துணிக்கடையில் வேலை செய்கிறார். வீட்டில் அப்பத்தா இருக்கிறார். கதிர் பள்ளி நாளில் ஆறு மணி நேரம் ஆடுகிறான், இரண்டரைக்குத் தூங்குகிறான். இரண்டு மாதத்தில் 14 நாள் பள்ளிக்குப் போகவில்லை. அம்மாவின் யுபிஐ கணக்கிலிருந்து 4,800 ரூபாய் விளையாட்டுக்குப் போயிருக்கிறது. அப்பா ஒரு போனை உடைத்தார். கதிர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அலமாரிக் கண்ணாடியை உடைத்தான்.

அனுபவமுள்ள உளவியலாளர் முதலில் கதிரைத் தனியாகப் பார்ப்பார், அடுத்து பெற்றோரை, அதன் பிறகு எல்லோரையும் சேர்த்து. கதிரிடம் "எவ்வளவு நேரம் ஆடுறே?" என்று தொடங்க மாட்டார். அந்தக் கேள்வியை அவன் வீட்டில் நூறு முறை கேட்டிருக்கிறான். என்ன விளையாட்டு, யாரோடு, எந்த ரேங்க், குழுவில் என்ன வேலை என்று கேட்பார். கதிர் நான்கு பேர் கொண்ட 'ஸ்குவாடு' ஒன்றின் ஐஜிஎல், அதாவது ஆட்டத்துக்குள் கட்டளையிடும் தலைவன். மற்ற மூவரில் ஒருவன் சேலம், இன்னொருவன் ஹைதராபாத். அவர்களுக்கு கதிரின் வார்த்தைதான் முடிவு. இதைச் சொல்லும்போது அவன் நிமிர்ந்து உட்காருகிறான். அந்த நிமிர்வும் மதிப்பீட்டில் ஒரு தகவல்தான்.

இரண்டாவது வேலை, ஒரு வாரத்தின் வரைபடம். எத்தனை மணிக்கு எழுந்தான், எப்போது சாப்பிட்டான், எப்போது ஆடினான், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் என்ன நடந்தது என்று எழுதி வைப்பது. நினைவிலிருந்து சொல்லும் மணிக்கணக்கை நம்ப முடியாது. பெற்றோர் கூட்டிச் சொல்வார்கள், பிள்ளை குறைத்துச் சொல்வான். அதனால் போனிலேயே பதிவாகும் திரைநேரக் கணக்கையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

அதன் பிறகுதான் கேள்வித்தாள். பரவலாகப் பயன்படுவது, ஹாலி பொன்டெஸும் மார்க் கிரிஃபித்ஸும் 2015இல் வெளியிட்ட ஒன்பது கேள்விச் சுருக்க அளவுகோல். டிஎஸ்எம்-5இன் ஒவ்வோர் அடையாளத்துக்கும் ஒரு கேள்வி. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 9 முதல் 45 வரை. கதிருக்கு 34 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இன்னும் ஆழமாகப் பார்க்க வேண்டும் என்பதற்கு அது போதும். நோய் என்று முடிவு கட்டப் போதாது. மூன்று மாதம் கழித்து ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தொடக்கப் புள்ளி என்பதே அதன் பெரிய பயன்.

நான்காவது வேலையைத்தான் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். ஆட்டத்தோடு வேறு என்ன இருக்கிறது, எது முதலில் வந்தது? கவனக்குறைவு மிகைச் செயல்பாட்டுக் கோளாறு, மனச்சோர்வு, கூச்சப் பதற்றம், ஆட்டிசம், கற்றல் குறைபாடு இவற்றில் ஏதாவது ஒன்று அடியில் இருப்பது சாதாரணம். சிங்கப்பூரில் 3,034 பள்ளிப் பிள்ளைகளை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து 2011இல் வெளியான ஆய்வு இரண்டு திசையையும் காட்டியது. அவசரப் புத்தியும், மற்றவரோடு பழகத் தெரியாமையும் முன்னால் வந்தன. மனச்சோர்வும் பதற்றமும் மதிப்பெண் சரிவும் பின்னால் வந்தன. ஒரு பிள்ளைக்கு கவனக்குறைவுக் கோளாறு என்றால் அது பெரும்பாலும் மூன்றாம், நான்காம் வகுப்பிலேயே ஆசிரியர்களுக்குத் தெரிந்திருக்கும். அதனால் பழைய ரேங்க் கார்டுகளை எடுத்துவரச் சொல்வது வழக்கம். தற்கொலை எண்ணம் உண்டா என்பதைத் தனிமையில் நேராகவே கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது.

கதிரின் ரேங்க் கார்டுகளில் ஏழாம் வகுப்பு வரை குறை எதுவும் இல்லை. வரைபடம்தான் விஷயத்தை உடைக்கிறது. ஆட்டம் முன்பே இருந்தது. ஆனால் கட்டுமீறியது இந்த ஜூனில், பள்ளி மாறிய பிறகு. புது வகுப்பில் அவனுடைய ஆங்கில உச்சரிப்பைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். கணக்கில் பின்தங்கினான். காலையில் வயிற்றுவலி வரும் நாள்கள் எல்லாம் கணக்குத் தேர்வு உள்ள நாள்கள். இரவு பத்தரைக்கு அப்பா வந்ததும் சண்டை. பத்தே முக்காலுக்கு ஹெட்போன். ஆக, அந்த நள்ளிரவு ஆட்டம் அவனுக்கு மூன்று காரியம் செய்கிறது. பகலில் கிடைக்காத மரியாதையைத் தருகிறது. வீட்டுச் சண்டையைக் காதில் விழாமல் செய்கிறது. காலையில் எழ முடியாமல் செய்து பள்ளியிலிருந்து காப்பாற்றுகிறது.

ஏன் குடும்பத்தோடு?

ஜெனீவாவில் 12 முதல் 19 வயது வரையிலான 42 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2021இல் வெளியானது. ஒரு பிரிவுக்கு 'பல்பரிமாணக் குடும்பச் சிகிச்சை', மற்றொரு பிரிவுக்கு அங்கே வழக்கமாகத் தரும் குடும்பச் சிகிச்சை. ஓராண்டில் இரு பிரிவிலுமே கோளாறு உள்ளவர்களின் எண்ணிக்கை குறைந்தது. முதல் பிரிவில் அடையாளங்கள் இன்னும் அதிகமாகக் குறைந்தன. ஆனால் ஆட்ட நேரத்தில் மாற்றம் எதுவும் தெரியவில்லை. தொடக்கத்தில் பெற்றோர் பிரச்சினையைப் பெரிதாகவும் பிள்ளைகள் மிகச் சிறிதாகவும் மதிப்பிட்டிருந்தார்கள். முடிவில் பெற்றோரின் மதிப்பீடு தணிந்து அந்த இடைவெளி குறைந்தது.

42 பேர் என்பது சிறிய ஆய்வு. இதை வைத்து நேரம் ஒரு பொருட்டே அல்ல என்று சொல்லிவிட முடியாது. தூக்கத்தைத் தின்னும் நேரம் குறைந்தே ஆகவேண்டும். ஆனால் பொய், கட்டுப்பாடு இழத்தல் போன்ற கோளாறின் அடையாளங்கள் மணிக்கணக்கு அப்படியே இருக்கும்போதும் குறையக்கூடும் என்பதை இந்த ஆய்வு காட்டுகிறது. திட்டத்தின் குறிக்கோளை எங்கே வைப்பது என்பதற்கு அது நல்ல வழிகாட்டி.

பன்னிரண்டு வாரத் திட்டம்

முதல் வாரத்தில் ஆட்ட நேரத்தில் கை வைப்பதில்லை. மாறவேண்டியவர்கள் பெரியவர்கள். பிடுங்குவது, உடைப்பது, "பக்கத்து வீட்டுப் பையனைப் பாரு" என்பது மூன்றும் நிற்க வேண்டும். அம்மாவும் அப்பாவும் அப்பத்தாவும் பிள்ளை இல்லாத நேரத்தில் உட்கார்ந்து ஒரே பேச்சுக்கு வர வேண்டும். அப்பா ஒரு நாள் அவன் பக்கத்தில் அமர்ந்து ஓர் ஆட்டம் முழுவதையும் பார்க்க வேண்டும். கதிரின் அப்பா பார்க்கிறார். நூறு பேர் இறங்கும் தீவு, சுருங்கிக்கொண்டே வரும் வட்டம், அரை மணி நேரம். நடுவில் விலகினால் அவனுக்கு ரேங்க் புள்ளி போகும். மற்ற மூன்று பேரும் ஆள் குறைந்து மாட்டிக்கொள்வார்கள். "இப்பவே வை" என்று தான் கத்தியபோதெல்லாம் அவன் ஏன் அப்படிச் சீறினான் என்பது அவருக்கு அப்போதுதான் பிடிபடுகிறது.

அதிலிருந்தே இரண்டாம் வார விதி பிறக்கிறது. "பத்தரைக்கு நிறுத்து" என்று வைக்காமல், "பத்து மணிக்கு மேல் புது மேட்ச் தொடங்கக் கூடாது" என்று வைக்கிறார்கள். நடந்துகொண்டிருக்கும் ஆட்டம் முடியலாம். இந்த விதியைத் தன் குழுவுக்குக் கதிரே சொல்லிவிடுகிறான். ஒரே நாளில் இரண்டரையிலிருந்து பத்துக்கு இறக்க முடியாது. முதலில் எழும் நேரத்தை ஆறரை என்று நிலைநிறுத்துகிறார்கள். பகல் தூக்கம் கிடையாது. எழுந்ததும் வெளிச்சத்துக்குப் போக வேண்டும். இரவு எல்லையை மூன்று, நான்கு நாளுக்கு ஒருமுறை அரை மணி முன்னால் இழுக்கிறார்கள். வளரிளம் பிள்ளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. நான்கைந்து வாரத்தில் அதற்கு அருகில் வரலாம்.

எல்லோருடைய போன்களும் இரவில் சமையலறை மேடையில் சார்ஜ் ஆகின்றன. அப்பாவின் போனும் சேர்த்துத்தான். பெரியவர்களுக்குப் பொருந்தாத விதி ஒரு வாரம் தாங்காது.

மூன்றாம் வாரத்திலிருந்து ஆறாம் வாரம் வரை வேலை வீட்டுக்கு வெளியே. அம்மா வகுப்பாசிரியரைப் பார்த்து கேலி விஷயத்தைப் பேசுகிறார். கணக்குக்கு எட்டாம் வகுப்புப் பாடத்திலிருந்து தொடங்கி வாரம் மூன்று நாள் பயிற்சி. தலைவனாக இருக்கும் ஆசைக்குத் திரைக்கு வெளியே ஓர் இடம் வேண்டும். "கிரவுண்டுக்குப் போ" என்று பொதுவாகச் சொன்னால் நடக்காது. பழைய பள்ளி நண்பர்களின் வாலிபால் அணிக்கு சனி, ஞாயிறு மாலை ஆள் சேர்க்கும் பொறுப்பு அவனிடம் வருகிறது. பள்ளி நாளில் ஆட்டம் இரண்டு மணி நேரம், விடுமுறையில் மூன்று என்று அவனோடு பேசி எழுதுகிறார்கள். மீறினால் மறுநாள் ஒரு மணி நேரம் குறையும், அதற்கு மறுநாள் கணக்கு புதிதாகத் தொடங்கும். தண்டனை சிறியதாகவும் உடனடியாகவும் இருந்தால்தான் வேலை செய்யும். ஒரு மாதத்துக்குப் போன் இல்லை என்று சொன்னால், பிள்ளைக்கு இழக்க மிச்சம் எதுவும் இருக்காது.

பணத்துக்குத் தனி ஏற்பாடு. யுபிஐ ரகசிய எண் மாறுகிறது; போனில் உள்ள கடையிலிருந்து கட்டண வழிகள் நீக்கப்படுகின்றன. எடுத்த 4,800 ரூபாயில் ஒரு சிறு பகுதியைக் கைச்செலவுப் பணத்திலிருந்து அவன் திருப்பித் தர ஒப்புக்கொள்கிறான். பணம் கட்டிச் சூதாடும் செயலிகள் இருந்தால் அது வேறு விவகாரம். தமிழ்நாட்டுச் சட்டம் 2023இலேயே இணையச் சூதாட்டத்தைத் தடை செய்தது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025இல் மத்தியச் சட்டமும் தடை செய்தது. அத்தகைய இழப்பு தெரிந்தால் தனியாக மதிப்பீடு செய்ய வேண்டும்.

எங்கே சறுக்கும்

எல்லை போட்ட முதல் பத்து நாளில் கோபம் குறையாது, கூடும். கதவை அறைவான், சாப்பிட மாட்டேன் என்பான். இதுவரை சத்தம் போட்டால் போன் கிடைத்தது. இப்போது கிடைக்காததால் சத்தத்தைக் கூட்டிப் பார்க்கிறான். ஐந்தாம் நாள் பெற்றோர் விட்டுக்கொடுத்தால், ஐந்து நாள் கத்தினால் கிடைக்கும் என்று பாடமாகிவிடும். அதனால் தாங்கக்கூடிய அளவு சிறிய எல்லையைத்தான் முதலில் போட வேண்டும்.

அடுத்த சறுக்கல் பாசம். பேரன் வாடுவதைப் பார்க்கச் சகிக்காமல் அப்பத்தா தன் போனைக் கொடுத்துவிடுவார். அவரைக் குறை சொல்வதைவிட அவருக்கும் ஒரு பங்கு கொடுப்பது நல்லது. காலை ஆறரைக்கு எழுப்பி காபி கொடுத்து வாசலில் உட்காரவைப்பது அவர் பொறுப்பு என்றால், அவர் திட்டத்துக்குள் வந்துவிடுகிறார்.

மூன்றாவது, ஒளித்து வைத்த போன். திரைநேரக் கணக்கு அழகாகக் குறையும். ஆனால் காலையில் எழ முடியாது, கண் சிவந்திருக்கும், பகலில் எரிச்சல் இருக்கும். கணக்கும் தூக்கமும் பொருந்தவில்லை என்றால் வேறு கருவி இருக்கிறது என்று பொருள். அறையைச் சோதனை போடுவதைவிட, கண்டதை அமைதியாகச் சொல்லி, ஒப்பந்தத்தில் எந்த எல்லை அவனால் தாங்க முடியாததாக இருக்கிறது என்று கேட்பது பயன் தரும்.

நான்காவது, மதிப்பெண் வாங்கினால் கூடுதல் ஆட்ட நேரம் என்று பரிசு வைப்பது. அது ஆட்டத்தின் மதிப்பைத்தான் வீட்டில் உயர்த்தும்.

அடிதடி, ஆயுதம், 'செத்துப்போவேன்' என்ற பேச்சு வந்தால் எல்லையைப் பற்றிய பேச்சு அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். பிள்ளையைத் தனியே விடக் கூடாது. மாத்திரை, பூச்சிமருந்து, கயிறு போன்றவற்றை அப்புறப்படுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அரசின் டெலிமானஸ் எண் 14416. எந்த நேரமும் தமிழில் பேசலாம். பெங்களூரு நிம்ஹான்ஸில் 2014 முதல் 'ஷட்' என்ற தனிப் பிரிவு அளவுமீறிய தொழில்நுட்பப் பயன்பாட்டுக்காகவே இயங்குகிறது. மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும் முதல் மதிப்பீடு செய்துகொள்ளலாம். கேமிங் கோளாறுக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை எதுவும் இல்லை. கூடவே மனச்சோர்வோ கவனக்குறைவுக் கோளாறோ இருந்தால் அதற்கு மருந்து உண்டு. அதைச் சரியாக்கும்போது ஆட்டமும் பல நேரம் தணிகிறது.

பன்னிரண்டாம் வாரத்தில் கதிரின் குடும்பம் மறுபடி உட்காருகிறது. பார்ப்பது நான்கு விஷயங்கள்: எத்தனை நாள் பள்ளிக்குப் போனான், எத்தனை மணிக்குத் தூங்கினான், வாரத்துக்கு எத்தனை சண்டை, அந்த ஒன்பது கேள்விகளில் இப்போது என்ன மதிப்பெண். முதல் மூன்றில் குறைந்தது இரண்டு நகர்ந்திருந்தால் அதே திட்டம் தொடரும். எதுவும் நகரவில்லை என்றால் கேலி நின்றதா, மனச்சோர்வு கவனத்திலிருந்து தப்பியதா என்று மதிப்பீட்டுக்குத் திரும்ப வேண்டும். அதே அமர்வில் ஏப்ரலுக்கும் பேசிவிடுகிறார்கள். பொதுத்தேர்வு முடிந்த மறுநாள் பள்ளி இருக்காது, விளையாட்டில் புதிய சீசன் தொடங்கும், பழைய ஸ்குவாடு கூப்பிடும். அந்த ஆறு வாரத்துக்கான நேரப் பட்டியலை இந்த முறை கதிரே எழுதுகிறான். முதல் வரியில், அப்பாவின் கடையில் காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை கல்லாவைப் பார்த்துக்கொள்வது.